டால்பின் ஏன் மீன் இல்லை, பாதி மூளையால் எப்படித் தூங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பல ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறேன். பாலூட்டிகள் பாடம் வந்தாலே டால்பினைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வரும். பிள்ளைகள் கேட்பார்கள். சாயங்காலம் அழைத்துப் போக வரும் பெற்றோர் கேட்பார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதை ஓங்கில் என்று சொல்லிக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். பதில்களில் வேறாகச் சொல்லாத இடத்தில் எல்லாம், ஆய்வுகள் அதிகம் நடந்திருக்கிற பாட்டில் மூக்கு டால்பினைத்தான் குறிப்பிடுகிறேன்.

டீச்சர், அது தண்ணியிலேயே பொறந்து தண்ணியிலேயே சாகுது. துடுப்பு இருக்கு, வால் இருக்கு. அப்புறம் ஏன் மீன் இல்லைங்கறீங்க?

வாழும் இடத்தையும் வெளி உருவத்தையும் வைத்துப் பிரித்தால் வௌவாலைப் பறவை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். உடம்பு உள்ளே எப்படி அமைந்திருக்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்கிறோம். டால்பினுக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். நம்மைப் போலவே நான்கு அறை இதயம். கடல் எவ்வளவு குளிர்ந்தாலும் உடம்புச் சூடு ஏறக்குறைய 37 டிகிரியிலேயே நிற்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும்.

சில வருடங்களுக்கு முன் கரையில் ஒதுங்கிய ஓர் இறந்த டால்பினைக் கிட்டத்தில் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது வால். மீன் வால் செங்குத்தாக, கதவு மாதிரி நிற்கும். இதன் வால் மணல்மேல் தட்டையாக விரித்த பாய் மாதிரி படுத்திருந்தது. மீன் வாலை இடவலமாக ஆட்டி நீந்தும். டால்பின் மேலும் கீழுமாக அடிக்கும். நாய் பாய்ந்து ஓடும்போது அதன் முதுகு வளைந்து நிமிர்வதைக் கவனித்திருப்பீர்கள், அதே அசைவுதான். புரட்டிப் போட்டபோது வயிற்றில் தொப்புள் தெரிந்தது. கூட வந்திருந்த பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகு மீனா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பக்கத் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு, ஐந்து விரல் வரிசை எல்லாம் இருக்கும். கழுத்தில் நமக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் இருப்பது போல 7 எலும்புகள். நம்முடைய கையே துடுப்பு வடிவத்துக்கு மாறியது போலத்தான் இருக்கும்.

முட்டை போடாம குட்டி போடுதுல்ல, அதனாலதானே பாலூட்டி?

அதை மட்டும் வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். நம் மீன் கடையில் விற்கிற பால் சுறாவே அதற்குச் சாட்சி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அதைப் புட்டு செய்து கொடுக்கிறோம். அந்தச் சுறாவும் குட்டிதான் போடும். வயிற்றுக்குள் இருக்கும்போது கொடி மாதிரி ஓர் இணைப்பு வழியாகக் குட்டிக்கு ஊட்டமும் போகும். ஆனாலும் அது மீன். செவுளால் மூச்சு விடுகிறது, பெயரில் பால் இருந்தாலும் குட்டிக்கு ஒரு சொட்டுப் பால் கொடுப்பதில்லை.

மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் வாத்து அலகோடு இருக்கும் பிளாட்டிபஸ் முட்டை இடுகிறது. ஆனால் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது, அதனால் அது பாலூட்டி. பால் சுரப்பிதான் இந்த வகுப்பின் அடையாளம், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். திமிங்கிலங்களையும் டால்பின்களையும் மீன்களிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்து லின்னேயஸ் எழுதியது 1758இல்.

தண்ணிக்குள்ள குட்டி எப்படிப் பால் குடிக்கும்? உப்புத் தண்ணி வாய்க்குள்ள போயிடாதா?

தாயின் வயிற்றின் பின்பக்கம், பிறப்பு வழியின் இரண்டு ஓரங்களிலும் சின்னக் கீறல் மாதிரி இரண்டு மடிப்புகள் இருக்கும். காம்பு அதற்குள் ஒளிந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீந்தும்போது தண்ணீர் இழுக்கும். குட்டி அந்த இடத்தை முட்டியதும் காம்பு வெளியே வரும். குட்டி நாக்கைக் குழாய் போலச் சுருட்டி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தாய் தசையை இறுக்கிப் பாலைப் பீய்ச்சிவிடும். சில நொடிகளில் முடிந்துவிடும். உடனே மேலே போய் மூச்சு எடுத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி குடிக்கும்.

இப்படித் துண்டு துண்டாகக் குடிக்க வேண்டியிருப்பதால் பால் கெட்டியாக இருக்கும். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவுதான், டால்பின் பாலில் அதைப் போலப் பல மடங்கு. ஏறக்குறைய 12 மாதம் வயிற்றில் சுமந்து ஒரே குட்டி ஈனும். அதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பால் கொடுக்கும்.

பாலூட்டின்னா உடம்புல முடி இருக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே. டால்பின் வழவழன்னுதானே இருக்கு?

பிறந்த குட்டியின் மேலுதட்டு ஓரத்தில் இரண்டு பக்கமும் சில முடிகள் இருக்கும். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்துக் குழிகள் பெரிய டால்பினின் அலகிலும் வரிசையாகத் தெரியும். முடி செய்ய வேண்டிய வேலையைத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புப் படலம் செய்கிறது. புத்தகம் சொல்வது சரிதான், குட்டிப் பருவத்தில் தேட வேண்டும், அவ்வளவுதான்.

தரையில இருந்த மிருகம்தான் கடலுக்குள்ள போச்சுங்கறாங்களே, அதுக்கு என்ன ஆதாரம்?

ஆதாரத்தில் ஒரு முக்கியமான துண்டு நம் நாட்டிலேயே கிடைத்தது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்து வைத்திருந்த பாறைகளுக்குள் இருந்த எலும்புகளை, ஹான்ஸ் தேவிசனும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் கழித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2007இல் அந்த விவரங்களை வெளியிட்டார்கள். இந்தோஹையஸ் என்ற அந்த விலங்கு சிறிய மான் போன்றது, குளம்புள்ள மெல்லிய கால்கள், ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பார்த்தால் யாரும் திமிங்கிலத்துக்கு உறவு என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் அதன் காதுப் பகுதி எலும்பின் உள்சுவர் தனியான ஒரு விதத்தில் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலம், டால்பின் குடும்பத்தின் கையெழுத்து மாதிரி. பாகிஸ்தானில் கிடைத்த, நான்கு கால்களோடு இருந்த பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலத்தின் எலும்பிலும் அதுவே இருந்தது.

இன்னொரு ஆதாரம் இன்றும் ஒவ்வொரு டால்பின் வயிற்றிலும் நடக்கிறது. கருவாக இருக்கும்போது முதல் சில வாரங்களில் பின்னங்கால் மொட்டுகள் இரண்டு முளைத்து, பிறகு கரைந்துபோகும். எப்போதாவது ஒன்றில் அது கரையாமல் நின்றுவிடும். 2006இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட ஒரு டால்பினுக்கு வாலுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஜோடிச் சிறு துடுப்புகள் இருந்தன. மரபணுவைப் பார்த்தால் இன்று உயிரோடு இருப்பவற்றில் டால்பினுக்கு மிக நெருங்கிய தரை உறவு நீர்யானை.

சுறாவும் மேல வருது, டால்பினும் மேல வருது. மூச்சுக்குன்னு எப்படிச் சொல்றது? எவ்வளவு நேரம் அடக்கும்?

படகில் போகும்போது பக்கத்தில் வந்தால் காதால் கேட்டே சொல்லிவிடலாம். 'புஸ்' என்று சைக்கிள் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு சத்தம், கூடவே சாரல். அது தலை உச்சியில் இருக்கும் மூக்குத் துளை. விடுவதும் இழுப்பதும் சேர்த்து ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மூச்சில் நுரையீரலில் உள்ள காற்றில் 80 சதவீதம் வரை மாற்றிக்கொள்ள முடியும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் மாற்றுவது அதில் கால் பங்குகூட இருக்காது. வழக்கமாக ஓரிரு நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். அடக்கினால் 8, 10 நிமிடம் வரை போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, மூச்சுக்குழாய் வாயோடு சேர்வதில்லை. குரல்வளை நீண்டு, வாத்து அலகு மாதிரி மேலெழும்பி நேராக மூக்குப் பாதைக்குள் சொருகியிருக்கும். மீனை விழுங்கும்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. துளையைச் சாதாரணமாக மூடியே வைத்திருக்கும், திறப்பதற்குத்தான் தசை வேலை செய்ய வேண்டும். அடுத்த கேள்விகளுக்கெல்லாம் இதுதான் அடிப்படை.

அப்போ தூங்கிட்டா? மூச்சு விட மறந்து மூழ்கிடாதா?

இந்தக் கவலை நியாயமானது. 1955இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்த ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் மூளையை ஆராயும் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து டால்பினுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற விலங்குகளுக்குக் கொடுக்கிற அளவுக் கணக்கில்தான் கொடுத்தார்கள். மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக 5 டால்பின்கள் இறந்துபோயின. நமக்கு மயக்கம் கொடுத்தாலும், ஓரளவு வரை மூச்சு தானாக ஓடிக்கொண்டிருக்கும். டால்பினுக்கு அந்த இடைவெளி இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு செயற்கையாக மூச்சு கொடுக்கும் கருவியோடுதான் மயக்கம் கொடுத்தார்கள்.

முழு மூளையும் அணைந்தால் ஆபத்து, தூங்காமலும் இருக்க முடியாது. டால்பின் கண்ட வழி, மூளையின் வலது பாதி தூங்கும்போது இடது பாதி விழித்திருப்பது, பிறகு முறை மாற்றிக்கொள்வது. வயலுக்கு ராத்திரிக் காவல் போகிற இரண்டு பேர் ஆளுக்குக் கொஞ்ச நேரம் கண்ணயர்வது போல. தூங்கும்போது சில சமயம் மேற்பரப்பில் கட்டை மாதிரி மிதக்கும், வாலை இலேசாக அசைத்து மூக்கை மட்டும் வெளியே தூக்கும். சில சமயம் மெதுவாக வட்டமடித்து நீந்திக்கொண்டே தூங்கும்.

பாதி மூளை தூங்குதுன்னு யார் பார்த்தா? எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

முதலில் கண்ணை வைத்துச் சந்தேகம் வந்தது. 1955 சோதனையில் இருந்தவர்களில் ஒருவரான ஜான் லில்லி, டால்பின் ஓய்வெடுக்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவதைக் கவனித்து, 1960களில் பாதித் தூக்கமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் ஒரு கண் மூடியிருப்பதால் மட்டும் பாதி மூளை தூங்குகிறது என்று சொல்லிவிட முடியாது.

உறுதி செய்தது சோவியத் நாட்டின் லெவ் முகமெதோவும் உடன் வேலை பார்த்தவர்களும். கருங்கடல் டால்பின்களின் மண்டையில் இரண்டு பக்கமும் மெல்லிய மின்முனைகளைப் பதித்து, நீந்தும்போதே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். 1977இல் வெளியான அந்தத் தாளைப் பார்த்தால் படிக்காதவர்களுக்கும் புரியும். ஒரு கோடு நெருக்கமாக, சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டு போகும், அது விழிப்பு. அதே நேரத்தில், அதே விலங்கின் மற்ற பாதியிலிருந்து வரும் கோடு நொடிக்கு 1 முதல் 4 வரை பெரிய பெரிய அலைகளாக எழுந்து விழும். நாம் ஆழ்ந்து தூங்கும்போது வருகிற அதே அலை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கோடுகளும் இடம் மாறும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனதை அவர்கள் பார்க்கவில்லை.

எந்தக் கண்ணு மூடும்? தூங்குற பக்கமா, எதிர்ப்பக்கமா?

எதிர்ப்பக்கம். வலது மூளை தூங்கினால் இடது கண் மூடும். நமக்கு ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பு இரண்டாகப் பிரிந்து மூளையின் இரு பக்கமும் போகிறது. டால்பினுக்கு அது ஏறக்குறைய முழுவதுமாகக் குறுக்கே தாண்டி எதிர்ப் பாதிக்கே போய்விடுகிறது. அதனால் ஒரு கண்ணுக்கு ஒரு பாதி என்று கணக்கு நேராக இருக்கும். ஆனாலும் நூல் பிடித்த மாதிரி எப்போதும் பொருந்தாது. தூங்குகிற பாதிக்குரிய கண் சில நேரம் கொஞ்சம் திறந்திருப்பதும் உண்டு.

திறந்த கண் எதைப் பார்க்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுறா வருகிறதா என்று கூட்டத்துக்கு வெளியே பார்க்கும் என்றுதான் யாரும் நினைப்போம். காட்சியகத்தில் இருந்த பசிபிக் வெண்பக்க டால்பின்களைக் கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், அவை கூட்டாளிகள் நீந்தும் பக்கத்துக் கண்ணைத்தான் திறந்து வைத்திருந்தன. இடம் மாறி மறுபக்கம் போனால் கண்ணும் மாறியது. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடாமல் இருப்பதுதான் அவற்றுக்கு முதல் காவல் போலிருக்கிறது. அவை நான்கே டால்பின்கள், தொட்டியில் இருந்தவை. திறந்த கடலில் எல்லாக் கூட்டமும் இப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்கும்? பாதி பாதியா தூங்கினா மொத்தத்துல பாதித் தூக்கம்தானே?

ஒவ்வொரு பாதியும் ஒரு நாளில் ஏறக்குறைய 4 மணி நேரம். இரண்டும் ஒரே நேரத்தில் தூங்காததால், கூட்டினால் டால்பின் நாளில் 8 மணி நேரம் போல ஏதோ ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே மூச்சாக இல்லை. ஒரு பாதி சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரை தூங்கும், நடுவில் முழு விழிப்பு வரும், பிறகு மறு பாதி. இணையத்தில் 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும்' என்று கடிகாரம் வைத்த மாதிரி எழுதியிருப்பார்கள். பதிவுகளில் அத்தனை ஒழுங்கு இல்லை.

எந்த வேளையில் என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். ஹவாய்த் தீவுகளில் சுழல் டால்பின்கள் இரவெல்லாம் ஆழக்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் ஆழமில்லாத விரிகுடாக்களில் வந்து ஓய்வெடுக்கும். சுற்றுலாப் படகுகளும் நீந்தப் போகிறவர்களும் அந்த நேரத்தில்தான் அவற்றைச் சூழ்ந்தார்கள். தூக்கம் கெடுகிறது என்று 2021இல் 50 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 45 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது என்று அமெரிக்க அரசு விதி போட்டது. இலங்கையில் கற்பிட்டிக்குப் போனால் இதே இனத்தைப் பெருங்கூட்டமாகப் பார்க்கலாம். பார்க்கப் போகிறவர்கள் படகுக்காரரிடம் கூட்டத்தின் நடுவே விரட்டாதீர்கள் என்று சொல்லுங்கள். அவை வெயிலில் சும்மா சுற்றுவது போலத் தெரிவது தூக்கமாக இருக்கலாம்.

ஒரு பக்கத்தை மட்டும் தூங்கவிடாம பண்ணினா என்ன ஆகும்?

முகமெதோவின் குழுவிலேயே இதைச் செய்து பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். மின்முனையில் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட பாதியில் பெரிய அலை எழும்பத் தொடங்கியதும் டால்பினை எழுப்பிவிடுவார்கள். மற்ற பாதி தூங்கினால் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நேரம் போகப்போக அந்தப் பாதி மேலும் மேலும் அடிக்கடி தூங்கப் பார்த்தது, எழுப்ப வேண்டிய தடவைகள் ஏறிக்கொண்டே போயின.

பிறகு விட்டுவிட்டபோது, தூக்கம் கெட்ட பாதிதான் கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டியது. நன்றாகத் தூங்கியிருந்த பாதி அதற்காகக் கூடுதலாகத் தூங்கவில்லை. ஆக, தூக்கக் கடன் பாதிக்குப் பாதி தனித்தனிக் கணக்கு. ஒரு பாதி வாங்கிய கடனை மற்றது அடைக்க முடியாது. ஒரு பக்கம் தூங்கினால் மொத்த மூளையும் ஓய்வெடுத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனைதான் பதில்.

அப்போ பாதி மூளையோட இருக்கறப்ப மந்தமா இருக்குமா? நாம தூக்கக் கலக்கத்துல இருக்கற மாதிரி?

சான் டியேகோவில் அமெரிக்கக் கடற்படையின் டால்பின்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மிதக்கும் அடைப்பைச் சுற்றிக் கருவிகளைப் பொருத்தினார்கள். டால்பின் ஒலி அனுப்பித் தேடும்போது, ஏதோ ஒரு கருவியிலிருந்து, அங்கே ஒரு பொருள் இருப்பது போன்ற எதிரொலி திரும்பி வரும். அதைக் கண்டுபிடித்ததும் டால்பின் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் மீன் கிடைக்கும். இரவு பகல் நிறுத்தாமல் 5 நாள் நடந்தது. சே என்ற பெண் டால்பினும் நே என்ற ஆண் டால்பினும் கலந்துகொண்டன. சே கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பிறகு அதை மட்டும் வைத்து 15 நாள் தொடர்ந்து நடத்தினார்கள். கடைசி நாள் வரை ஏறக்குறைய தவறே இல்லை. நே அந்த அளவுக்குச் சரியாகச் செய்யவில்லை. 2012இல் இது வெளியானது.

இதை மேற்கோள் காட்டுகிற பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்த 15 நாளில் சேவின் மூளை அலையை யாரும் பதிவு செய்யவில்லை. அத்தனை நாள் தூங்காமல் எந்தப் பாலூட்டியும் இப்படிச் செய்ய முடியாது, ஆகவே பாதி பாதியாகத் தூங்கியிருக்க வேண்டும் என்பது அனுமானம். நல்ல அனுமானம்தான், ஆனால் 1977 பதிவு போல நேரில் அளந்ததல்ல.

டால்பின் கனவு காணுமா?

கனவு அதிகம் வருவது கண்விழி வேகமாக உருளும் கட்டத் தூக்கத்தில். அப்போது உடம்புத் தசைகள் எல்லாம் தளர்ந்துவிடும். டால்பினில் அந்தக் கட்டத்தைத் தெளிவாகப் பதிவு செய்ய முடியவில்லை. கடலில் தசை தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் ஓரளவு புரியும். எப்போதாவது உடம்பு சொடுக்குவதைப் பார்த்திருக்கிறார்கள், அதை வைத்துக் கனவு என்று சொல்ல முடியாது.

ரோமக் கடல்நாய் இந்த இடத்தில் நல்ல துணைச் சான்று. அது கரையில் படுத்தால் நம்மைப் போல இரண்டு பாதியாலும் தூங்கும், கண்விழி உருளும் கட்டமும் வரும். தண்ணீருக்குள் இருந்தால் பாதி மூளைத் தூக்கத்துக்கு மாறிவிடும். தொடர்ந்து பல நாள் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தபோது அந்தக் கனவுக் கட்டம் ஏறக்குறைய மறைந்தே போனது. கரைக்கு வந்த பிறகு அதை ஈடுகட்டவும் இல்லை என்று 2018இல் எழுதினார்கள். ஒரே விலங்கு, இடம் மாறியதும் தூக்கம் மாறுகிறது.

குட்டி பொறந்தா தாய் ஒரு மாசம் தூங்கவே தூங்காதாமே?

2005இல் அப்படி ஓர் ஆய்வு வந்தது உண்மை. பிறந்த குட்டியும் தாயும் முதல் மாதம் நிற்காமல் நீந்திக்கொண்டே இருந்தன, மிதந்து ஓய்வெடுக்கவில்லை, மேலே வரும்போது இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன என்று எழுதினார்கள். செய்தித்தாள்களில் 'தூங்காத தாய்' என்று பரவிவிட்டது.

அடுத்த ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். தண்ணீருக்கு அடியில் கேமராவை வைத்துப் பார்த்தபோது, மூச்சுக்கு மேலே வரும் நேரத்தில் கண் திறக்கிறது, கீழே நீந்தும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறது என்று தெரிந்தது. நீந்திக்கொண்டே தூங்க முடியும் என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதுதான் இது. குட்டிக்குக் கொழுப்பு குறைவு, தாயின் ஓரத்தில் எழும் நீரோட்டத்தில் ஒட்டிக்கொண்டுதான் நீந்த முடியும். தாய் நின்றால் குட்டி தவித்துவிடும். ஆகவே அசைவை நிறுத்துவதில்லை என்பது சரி, தூங்குவதே இல்லை என்பதை நான் வகுப்பில் சொல்வதில்லை.

மூச்சுக்காகத்தான் பாதித் தூக்கம்னா, வாத்தும் அப்படித் தூங்குதாமே. அதுக்கென்ன மூச்சுப் பிரச்சினை?

ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டது. இதற்குப் பதில் தேடித்தான் நானே தெளிவானேன். வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்த 1999 ஆய்வில், நடுவில் இருந்தவற்றைவிட ஓரத்தில் இருந்தவை அதிகமாக ஒரு கண்ணைத் திறந்து வைத்து, பாதி மூளையால் தூங்கின. அந்தக் கண் வெளிப்பக்கம் பார்த்தது. அங்கே காரணம் காவல்தான்.

டால்பினுக்கும் மூச்சு மட்டுமே காரணம் என்று சொன்னால் முழுப் பதிலாகாது. அது அசையாமல் மிதக்கும்போதும் மூச்சு எடுக்கத்தான் செய்கிறது. அந்த மூச்சுக்காகத் தூங்கும் பாதி விழிக்க வேண்டியதும் இல்லை. காவலும் கூட்டத்தோடு இருப்பதும் இரண்டாவது காரணம். மூன்றாவது சூடு. தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நீந்திக்கொண்டே இருந்தால் தசை சூடு தரும். சிறிய இனங்கள் மிதந்து ஓய்வெடுக்காமல் எப்போதும் நீந்துவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இம்மூன்றும், வெப்ப இரத்தமும் நுரையீரலும் உள்ள ஒரு பாலூட்டி கடலில் இருப்பதால் வருகிற தேவைகள்தான்.

நம்மால முடியுமா டீச்சர், பாதி மூளையால தூங்க?

அப்படியே முடியாது. ஆனால் சாயல் இருக்கிறது. புது வீட்டில் முதல் ராத்திரி தூக்கம் சரியாக வராது இல்லையா, அதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அளந்து 2016இல் எழுதினார்கள். முதல் இரவில் இடது பாதியின் ஒரு பகுதி, வலது பாதியைவிட இலேசாகத்தான் தூங்கியது. இடது பாதிக்குப் போகும்படி வலது காதில் வித்தியாசமான சத்தம் கொடுத்தால் சீக்கிரம் விழித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு இல்லை. இரண்டு பாதியும் தூங்கத்தான் செய்கின்றன, ஆழம்தான் வேறு. டால்பின் போல ஒன்று முழு விழிப்பாக இருப்பதில்லை.

கரையில ஓங்கில் ஒண்ணு அசையாம கெடக்குது. தூங்குதா, செத்துப்போச்சா? தண்ணி ஊத்தணுமா?

தூக்கமாக இருக்காது, டால்பின் கரையேறித் தூங்காது. தலை உச்சித் துளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். உயிர் இருந்தால் அது திறந்து மூடும், சத்தம் கேட்கும். மூச்சுக்கு மூச்சு இடைவெளி இருப்பதால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செத்துப்போச்சு என்று முடிவு செய்யாதீர்கள்.

உயிர் இருந்தால் உடம்பை ஈரத் துணியால் மூடி, தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தத் துளையின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, துணியும் மூடக்கூடாது, மணலும் விழக்கூடாது. அது மூக்கு. மீனென்று நினைத்து அங்கே குடம் குடமாக ஊற்றுவது, மூச்சுத் திணறுகிற மனுஷன் மூக்கில் ஊற்றுவது மாதிரி. வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள், பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிவிடுங்கள், நிழல் கட்டுங்கள். வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்பு கெடும். கூட்டத்தை விலக்கிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் இருப்பதும் இதே பிரச்சினைதான். சில நிமிடம் தாமதமானாலே மூச்சு முட்டிப்போகும், அதனால் வலையை இழுக்கும்போது டால்பின் தெரிந்தால் முதலில் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, பிறகு கயிற்றைப் பாருங்கள்.